ரேம் உறையில் உள்ள பெரிய எண்ணும் நானோ விநாடிக் கணக்கும்

ரேம் அட்டையின் உறையில் இரண்டு வகை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று 3200, 3600, 6000 என்று பெரிய எழுத்தில் நிற்கும் எண். மற்றது அதன் கீழே 16-18-18-38 என்பது போலப் பொடி எழுத்தில் வரும் எண் வரிசை. விளம்பரம் முழுவதும் முதல் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. கடைக்காரரும் அதைச் சொல்லித்தான் விலையை ஏற்றுகிறார். ஆனால் செயலி ஒரு தகவலைக் கேட்டபின் அதன் முதல் துண்டு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கு அந்த எண் தனியாக விடை தராது. சின்ன எண்களும் தனியாகத் தராது. இரண்டையும் சேர்த்து ஒரு வகுத்தல் போட்டால்தான் விடை கிடைக்கும். அந்த விடைக்கு முதல் சொல் தாமதம் என்று பெயர். நினைவகம் ஒரே தடவையில் அனுப்பும் தகவல் துண்டைத்தான் இங்கே சொல் என்கிறார்கள். டிடிஆர்4 அட்டையில் அது 64 பிட், அதாவது 8 பைட்.

பெரிய எண் எதைக் குறிக்கிறது என்பதில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. கடைகளில் 3200 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதுகிறார்கள், அது சரியல்ல. 3200 என்பது ஒரு விநாடிக்கு 3200 மில்லியன் தகவல் பரிமாற்றங்கள் என்ற கணக்கு. டிடிஆர் வகை நினைவகம் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இரண்டு முறை தகவல் அனுப்பும். துடிப்பு ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. ஆகவே 3200 பரிமாற்றத்துக்கு உண்மையான கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். `CPU-Z` நிரலைத் திறந்து நினைவகப் பக்கத்தைப் பார்ப்பவர்கள் அங்கே 1600 என்ற எண்ணைக் கண்டு, பாதி வேக ரேமைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறுவதுண்டு. அட்டை சரியாகத்தான் ஓடுகிறது. நிரல் கடிகாரத்தைக் காட்டுகிறது, உறை பரிமாற்றத்தைச் சொல்கிறது. 1600 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு துடிப்பின் நீளம் 0.625 நானோ விநாடி. இந்த நீளம்தான் இனி வரும் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

சின்ன எண் வரிசையில் முதலில் நிற்பது சிஎல். நினைவகச் சில்லுக்குள் தகவல் வரிசை வரிசையாக, மிக நுண்ணிய மின்தேக்கிகளில் மின்னேற்றமாக இருக்கிறது. ஒரு வரிசை ஏற்கெனவே திறந்திருக்கும் நிலையில், அதில் இன்ன இடத்தில் உள்ளதைக் கொடு என்ற படிப்புக் கட்டளை போகிறது. கட்டளை போன கணத்திலிருந்து முதல் தகவல் வெளிவரும் வரை எத்தனை துடிப்புகள் கடக்கின்றன என்பதே சிஎல். அது நேரம் அல்ல, எண்ணிக்கை. எட்டி நடப்பவர் பதினெட்டு அடி வைத்து அடையும் இடத்தை, குட்டை அடி வைப்பவர் அதைவிடக் குறைந்த அடிகளில் அடைய முடியாது. ஆக அடிகளை மட்டும் எண்ணி யார் அதிக தூரம் நடந்தார் என்று சொல்ல இயலாது. சிஎல் 16 என்பதும் சிஎல் 18 என்பதும் அப்படியே. துடிப்பின் நீளம் தெரியாமல் இரண்டையும் ஒப்பிட வழியில்லை.

எண்ணிக்கையை நேரமாக்கும் சூத்திரம் எளிது:

```
தாமதம் (நானோ விநாடி) = CL × 2000 ÷ பரிமாற்ற வேகம்
```

2000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு முறை புரிந்துகொண்டால் பிறகு மறக்காது. மெகாஹெர்ட்ஸில் உள்ள கடிகாரத்தால் 1000-ஐ வகுத்தால் ஒரு துடிப்பின் நீளம் நானோ விநாடியில் கிடைக்கும். உறையில் உள்ளதோ கடிகாரத்தின் இரு மடங்கு. அந்த இரண்டைச் சரிக்கட்டத்தான் 1000 என்பது 2000 ஆகிறது. இந்தக் கணக்கில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன. 3200-ஐக் கடிகாரம் என்று நினைத்து 1000-ஐ வைத்துப் பெருக்கினால் சிஎல் 16 அட்டைக்கு 5 நானோ விநாடி என்று வரும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டிடிஆர்4 அட்டை எதுவும் அந்த அளவை நெருங்குவதில்லை. விடை 7-க்குக் கீழே வந்தால் பாதிப் பிழை நுழைந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

இனி உண்மையான அட்டைகளுக்கு வரலாம். டிடிஆர்4-3200, சிஎல் 16: 16-ஐ 2000-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 10 நானோ விநாடி. டிடிஆர்4-3600, சிஎல் 18: 36000-ஐ 3600-ஆல் வகுத்தால் அதுவும் 10 நானோ விநாடி. நானூறு கூடுதலாகப் போட்டு, அதற்குக் கூடுதல் விலையும் வாங்கிய அட்டை, முதல் சொல்லைக் கொண்டுவருவதில் ஒரு துளியும் முந்தவில்லை. அதே 3600 வேகத்தில் சிஎல் 16 உள்ள அட்டையோ 8.89 நானோ விநாடியில் கொடுத்துவிடும். மறுபக்கம், மலிவான அட்டைகள் பலவற்றில் 3200-க்குப் பக்கத்தில் சிஎல் 22 என்று இருக்கும், அதற்கு 13.75 நானோ விநாடி. உறையில் ஒரே 3200 இருந்தும் இந்த இரண்டு 3200-களுக்கு இடையே உள்ள தூரம், 3200-க்கும் 3600-க்கும் இடையே உள்ளதைவிடப் பெரியது. கடையில் நிற்கும்போது காகிதம் இல்லையென்றால், பெரிய எண்ணைச் சிஎல்-ஆல் வகுத்துப் பார்த்தாலே போதும். 200 வந்தால் 10 நானோ விநாடி. 200-க்கு மேலே போகப் போக அட்டை விரைவு, கீழே இறங்க இறங்க மந்தம்.

சிஎல் 22 என்பது தரக்குறைவான சில்லின் அடையாளம் என்று நினைக்க வேண்டியதில்லை. நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அட்டவணையில் டிடிஆர்4-3200-க்கு இருக்கும் மதிப்புகளில் ஒன்று அது, 1.2 வோல்ட் மின்னழுத்தத்தில் ஓடும். சிஎல் 16 அட்டைகள் பொதுவாக 1.35 வோல்ட் எடுத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த சில்லுகளை அந்த அட்டவணையைத் தாண்டி ஓட்டுகின்றன. இதில் கவனிக்க வேண்டிய ஓர் ஒற்றுமை உண்டு. முந்தைய தலைமுறையான டிடிஆர்3-1600 அட்டையில் ஜெடெக் வகுத்த பொதுவான மதிப்பு சிஎல் 11. அதைக் கணக்கிட்டாலும் அதே 13.75 நானோ விநாடிதான் வருகிறது. பரிமாற்ற வேகம் இரண்டு மடங்காகியும் காத்திருப்பு அசையவில்லை. காரணம் சில்லின் உள்ளே இருக்கிறது. மின்தேக்கியிலிருந்து கசியும் சிறு மின்னேற்றத்தை உணர்ந்து பெருக்கி, அதை நீண்ட கம்பிகள் வழியாக வெளியே கொண்டுவருவது இயற்பியல் வேகத்தில் நடக்கும் வேலை. வெளியே உள்ள கடிகாரத்தை எவ்வளவு விரைவாக்கினாலும் அந்த வேலை அதற்கேற்ப விரைவதில்லை. கடிகாரம் விரைந்தால் அதே நேரத்துக்குள் கூடுதல் துடிப்புகள் கடந்துபோகின்றன; அதனால்தான் தலைமுறைக்குத் தலைமுறை சிஎல் எண் ஏறிக்கொண்டே வருகிறது.

முதல் சொல் தாமதத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒப்பீடு பாதிதான் முடிந்திருக்கும். சிஎல் கணக்கு, வேண்டிய வரிசை ஏற்கெனவே திறந்திருக்கிறது என்ற நல்வாய்ப்பை எடுத்துக்கொள்கிறது. எப்போதும் அப்படி அமையாது. வேறொரு வரிசை திறந்திருந்தால் முதலில் அதை மூட வேண்டும். அதற்கு ஆகும் துடிப்புகள் `tRP`. பிறகு வேண்டிய வரிசையைத் திறக்க வேண்டும்; அதற்கு ஆகும் துடிப்புகள் `tRCD`. அதன் பிறகே சிஎல் தொடங்கும். உறையில் உள்ள 16-18-18-38 வரிசையில் இரண்டாவது எண் `tRCD`, மூன்றாவது `tRP`. நான்காவதான `tRAS` ஒரு வரிசை குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது; இந்த ஒப்பீட்டுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. ஆகவே மோசமான சூழலில் முதல் சொல் எப்போது வரும் என்பதை அறிய முதல் மூன்று எண்களையும் கூட்டி, துடிப்பின் நீளத்தால் பெருக்க வேண்டும்.

மேலே சமமாக வந்த இரு அட்டைகளையும் இப்படிச் சோதித்தால் படம் மாறுகிறது. 3200 அட்டையின் வரிசை 16-18-18 என்று கொள்வோம். கூட்டினால் 52 துடிப்பு, 0.625-ஆல் பெருக்கினால் 32.5 நானோ விநாடி. சிஎல் 18 கொண்ட 3600 அட்டைகளில் அடிக்கடி காணப்படுவது 18-22-22. கூட்டினால் 62 துடிப்பு. 3600-க்கு உண்மையான கடிகாரம் 1800, துடிப்பின் நீளம் 0.556, விடை 34.4 நானோ விநாடி. திறந்த வரிசையில் சமமாக இருந்த பெரிய எண் அட்டை, மூடிய வரிசையில் ஏறக்குறைய 2 நானோ விநாடி பின்தங்கிவிட்டது. 16-19-19 என்ற 3600 அட்டையோ 54 துடிப்பில், 30 நானோ விநாடியில் முடிக்கிறது. வலைத்தளக் கடைகளில் சிஎல் எண்ணை மட்டும் போட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. தயாரிப்பாளரின் பக்கத்தில் முழு வரிசையையும் தேடிப் பார்க்காமல் வாங்குவது நல்லதல்ல. பெட்டியின் முகப்பில் தெரியும் சிஎல்-ஐ மட்டும் குறைத்துக் காட்டி, பின்னால் உள்ள எண்களைத் தளர்த்தி விடுவதற்கு இடம் இருக்கிறது.

டிடிஆர்5 அட்டைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டிடிஆர்5-6000 வேகத்தில் 36-36-36 என்றும் 30-38-38 என்றும் இரு வகைகள் சந்தையில் உண்டு. துடிப்பின் நீளம் இரண்டுக்கும் ஒன்றே, 0.333 நானோ விநாடி. முதல் சொல் தாமதம் முறையே 12, 10. இரண்டாவது அட்டை ஆறில் ஒரு பங்கு விரைவு என்று இதைப் பார்த்தால் தோன்றும். மூன்று எண்களையும் கூட்டினால் 108 துடிப்பும் 106 துடிப்பும் வருகின்றன. அதாவது 36 நானோ விநாடியும் 35.3 நானோ விநாடியும். சிஎல் 30 அட்டைதான் மேல், ஆனால் எல்லாச் சூழலிலும் அந்த அளவுக்கு மேல் அல்ல. விலை வேறுபாடு பெரிதாக இருந்தால் இந்தக் கூட்டல் முடிவை மாற்றக்கூடும். புதிய தலைமுறை என்ற ஒரே காரணத்துக்காக டிடிஆர்5-4800 சிஎல் 40 அட்டையை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது 16.7 நானோ விநாடித் தாமதம். பத்து நானோ விநாடி டிடிஆர்4 அட்டையை மாற்றிவிட்டு அதை வாங்கியிருந்தால், காத்திருப்பில் பின்னுக்குத்தான் போயிருப்பார்கள்.

இப்படிச் சொல்வதால் பெரிய எண் வெறும் அலங்காரம் என்று ஆகிவிடாது. அது தகவல் ஓட்டத்தின் அகலத்தைச் சொல்கிறது. 64 பிட் பாதையில் 3200 பரிமாற்றம் என்றால் விநாடிக்கு 25.6 ஜிகாபைட், 3600 என்றால் 28.8. செயலி எப்போதும் ஒரே ஒரு சொல்லைக் கேட்பதில்லை. அதன் இடைநினைவகம் பொதுவாக 64 பைட் கொண்ட கட்டாகவே தகவலை எடுத்துக்கொள்ளும். டிடிஆர்4-இல் அதற்கு எட்டுப் பரிமாற்றம் வேண்டும். முதல் சொல் 10 நானோ விநாடியில் வந்தபின் மீதி ஏழும் வந்து சேர 3200 அட்டைக்கு 2.19 நானோ விநாடி, 3600 அட்டைக்கு 1.94. கட்டு முழுவதும் வந்து சேர்வது 12.19-இலும் 11.94-இலும். கால் நானோ விநாடிதான் என்றாலும் இந்த இடத்தில் வெல்வது பெரிய எண். செயலியோடு சேர்ந்த வரைகலைப் பகுதியை நம்பி விளையாட்டு ஓட்டுபவர்கள், பெரிய கோப்புகளைச் சுருக்குபவர்கள், பல உட்கருக்களை ஒரே நேரத்தில் நினைவகத்தோடு முட்டவிடும் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு அகலம்தான் முக்கியம். பாதை நிரம்பி வழியும்போது கோரிக்கைகள் வரிசையில் காத்துக் கிடக்கும்; அந்தக் காத்திருப்புக்கு முன்னால் ஒன்றிரண்டு நானோ விநாடி சிஎல் வேறுபாடு எடுபடாது. தாமதமும் அகலமும் வெவ்வேறு அளவுகள், இரண்டையும் தனித்தனியே எழுதி வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

காகிதக் கணக்கைப் பொய்யாக்கக்கூடிய இடம் ஒன்று அட்டைக்கு வெளியே, செயலிக்குள் இருக்கிறது. ஏஎம்டி ரைசன் 3000, 5000 வரிசைச் செயலிகளில் நினைவகக் கடிகாரமும், நினைவகக் கட்டுப்பாட்டகமும், செயலியின் உட்பகுதிகளை இணைக்கும் பாதையும் ஒரே வேகத்தில் ஓடும்போதுதான் தாமதம் குறைவாக இருக்கும். அந்த ஒத்திசைவு ஏறக்குறைய 1800 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 3600 பரிமாற்றம் வரை பெரும்பாலான சில்லுகளில் நிலைக்கும். அதைத் தாண்டிப் போனால் கட்டுப்பாட்டகம் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். டிடிஆர்4-4000 சிஎல் 18 அட்டைக்குச் சூத்திரம் 9 நானோ விநாடி என்று சொல்லும். ஒத்திசைவு குலைந்த ரைசனில் அதே அட்டை, 10 நானோ விநாடி கொண்ட 3600 அட்டையைவிட மெதுவாக விடை கொடுக்கும். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் இதே ஏற்பாடு `Gear 1`, `Gear 2` என்ற பெயர்களில் பயாஸ் திரையில் தெரியும். `Gear 2` என்றால் கட்டுப்பாட்டகம் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். ஆகவே சூத்திரத்தை ஒரே செயலியில், ஒரே விகிதத்தில் ஓடக்கூடிய அட்டைகளுக்கு இடையேதான் நம்பிப் பயன்படுத்தலாம்.

பயனுக்கும் ஓர் எல்லை உண்டு. செயலியின் உட்கருவிலிருந்து கோரிக்கை கிளம்பி, இடைநினைவக அடுக்குகளில் தேடிக் கிடைக்காமல், கட்டுப்பாட்டகம் வழியாக ரேமை அடைந்து விடை திரும்பிவர மேசைக் கணினிகளில் பொதுவாக 60 முதல் 90 நானோ விநாடி ஆகிறது. அந்த முழுப் பயணத்தில் சிஎல்-இன் பங்கு பத்து நானோ விநாடி அளவுதான். 13.75-இலிருந்து 10-க்கு இறங்கினால் மிச்சமாவது 3.75 நானோ விநாடி; மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். மற்ற எண்களும் சேர்ந்து இறுகும்போது மிச்சம் கூடும். அதோடு கோரிக்கைகளில் பெரும்பகுதியை இடைநினைவகமே முடித்துவிடும். 96 மெகாபைட் மூன்றாம் அடுக்கு இடைநினைவகம் கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்ற செயலிகளில் பல வேலைகளுக்கு ரேம் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. எட்டு ஜிகாபைட் போதாமல் வட்டுக்கு ஓடும் கணினிக்கு முதலில் தேவை கூடுதல் கொள்ளளவு. ஒற்றை அட்டை மட்டும் செருகியிருக்கும் கணினிக்குத் தேவை இரண்டாவது அட்டை, ஏனெனில் அது அகலத்தை அப்படியே இரட்டிப்பாக்கும். இந்த இரண்டும் சரியாக இருக்கும் கணினியில்தான் சிஎல் கணக்குக்கு மதிப்பு.

கணக்கெல்லாம் சரியாகப் போட்டு நல்ல அட்டையை வாங்கியும் பலன் வராமல் போவது உண்டு. இது மிகப் பரவலான கோளாறு. உறையில் உள்ள வேகம் அட்டையைச் செருகியவுடன் தானாக வருவதில்லை. கணினி முதலில் ஜெடெக் அட்டவணையில் உள்ள பாதுகாப்பான வேகம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். 3200 சிஎல் 16 என்று விற்கப்பட்ட அட்டை பல கணினிகளில் 2133 வேகத்தில், சிஎல் 15-இல் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். சிஎல் ஒன்று குறைந்திருக்கிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. 15-ஐ 2000-ஆல் பெருக்கி 2133-ஆல் வகுத்தால் 14.06 நானோ விநாடி; அகலமும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. லினக்ஸில் கீழ்க்கண்ட கட்டளை இதைக் காட்டிக்கொடுக்கும்:

```
sudo dmidecode --type 17
```

வரும் பட்டியலில் `Speed` என்ற வரிக்குக் கீழே `Configured Memory Speed` என்ற வரி இருக்கும். இப்போது ஓடும் வேகம் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. உறையில் உள்ள எண்ணைவிட அது குறைவாக இருந்தால் பயாஸுக்குள் போய் `XMP` என்ற அமைப்பை இயக்க வேண்டும். ஏஎம்டி-க்கான டிடிஆர்5 பலகைகளில் அதன் பெயர் `EXPO`. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பக்கம் வேகத்தைக் காட்டும். சிஎல் முதலான எண்களுக்கு `CPU-Z` நிரலின் `Memory` பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தெரியும் கடிகாரத்தை இரண்டால் பெருக்கினால் உறை எண் வர வேண்டும். ஒற்றைப்படை சிஎல் அட்டை வாங்கியவர்கள் இதே பக்கத்தை இன்னொரு காரணத்துக்காகவும் பார்ப்பது நல்லது. ரைசன் பலகைகளில் `Gear Down Mode` இயங்கிக்கொண்டிருந்தால் டிடிஆர்4-இன் சிஎல் 15 என்பது 16 ஆக ஏற்றப்பட்டிருக்கும்.

3600 சிஎல் 16 அட்டை கைக்கெட்டும் விலையில் கிடைத்தால் டிடிஆர்4 கணினிக்கு அதுவே சிறந்த தேர்வு. அது கிடைக்காதபோது 18-22-22 என்ற 3600 அட்டைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, 16-18-18 என்ற 3200 அட்டை இரண்டை வாங்கிப் போட்டு, பயாஸில் `XMP`-யை இயக்கிவிடுவதே பொதுப் பயனாளருக்கு ஏற்றது.